மெயில் வரவில்லையா, அனுப்பவே இல்லையா?

பாஸ்வேர்டு மறந்துபோய் ‘Forgot password’-ஐ அழுத்தியதும், ‘இந்த முகவரியில் கணக்கு இருந்தால், பாஸ்வேர்டை மாற்ற இணைப்பு அனுப்பப்படும்’ என்று பல தளங்கள் சொல்லும். கணக்கே இல்லாவிட்டாலும் இதே பதில்தான் வரும். மெயில் மட்டும் போகாது. யாருக்கு அங்கே கணக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் முகவரிகளைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் உண்மையான வாடிக்கையாளருக்கும் சேர்த்தே விஷயத்தை மறைத்துவிடுகிறது.

முதலில் மெயில் வந்து எங்கேனும் ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலின் தேடல் சாதாரணமாக ஸ்பேமுக்குள்ளும் குப்பைக்குள்ளும் போகாது. தளத்தின் பெயரோடு இதையும் சேர்த்துத் தேடினால் எல்லா இடத்திலும் தேடும்:

```
in:anywhere
```

ஸ்பேமில் இருந்தால் ‘Not spam’ கொடுங்கள். ஜிமெயிலில் ஸ்பேம் 30 நாளில் தானாக அழிந்துவிடும். குப்பையில் கிடந்தால் எப்போதோ நீங்கள் போட்ட ஃபில்டர் காரணமாக இருக்கலாம். விளம்பரத் தொல்லை தாங்காமல் அந்தக் கடையின் மெயில்களையெல்லாம் அழிக்கச் சொல்லியிருந்தால், பாஸ்வேர்டு மெயிலும் அதோடு போய்விடும். கணினியில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து, ‘Filters and Blocked Addresses’ பகுதியில் அதை நீக்கலாம்.

எங்குமே இல்லையென்றால், பதிவு செய்த முகவரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜிமெயில் பயன்படுத்துபவர்கள் பலர் இங்கே புள்ளியில் இடறுகிறார்கள். ungal.peyar@gmail.com, ungalpeyar@gmail.com இரண்டுக்கும் வரும் கடிதங்களை ஜிமெயில் ஒரே இன்பாக்ஸில்தான் போடும். ஆனால் கடைக்காரரின் தளத்துக்கு அவை பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு ஆட்கள். புள்ளியோடு பதிந்துவிட்டு இன்று புள்ளியில்லாமல் கேட்டால், அப்படி ஒரு கணக்கே இல்லை என்று தளம் பேசாமல் இருந்துவிடும். அந்தத் தளத்திலிருந்து முன்பு வந்த பில்லையோ வரவேற்பு மெயிலையோ திறந்து, ‘to’ என்ற இடத்தில் உள்ள முகவரியை எழுத்து பிசகாமல் அப்படியே கொடுத்துப் பாருங்கள்.

பழைய மெயில் ஒன்றுகூட இல்லையென்றால், பதிவு செய்யும்போதே தவறு நேர்ந்திருக்கலாம். குரோமில் பாஸ்வேர்டு சேமித்திருந்தால், கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் அந்தத் தளத்தின் பெயரைத் தட்டுங்கள். அன்று என்ன தட்டச்சு செய்தீர்களோ அது பிழையோடு அப்படியே இருக்கும். gmial.com, gmail.con போன்றவை அங்கேதான் கண்ணில் படும். பாஸ்வேர்டும் அங்கேயே இருப்பதால், அதை வைத்து உள்ளே போய் முகவரியைத் திருத்திவிடலாம். சேமிக்காதவர்களுக்கு வாடிக்கையாளர் சேவைதான் வழி. ஆர்டர் எண், பணம் கட்டிய ரசீது, பதிவு செய்த செல்போன் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘மறுபடி அனுப்புகிறோம்’ என்று அவர்கள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது மறுபடியும் அதே தவறான முகவரிக்குத்தான் போகும். முதலில் முகவரியை மாற்றச் சொல்லுங்கள்.