மனம் புண்பட்டதா, வயிறா?

ஷவர்மா சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, பேதி என்று ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் கடைக்காரர் பதிவு போடுகிறார்: "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்." புண்பட்டது வயிறு, ஐயா!

உருப்படியான பதிவு இப்படி இருக்கும்: "சனிக்கிழமை மாலை 6 மணிக்குமேல் எங்களிடம் மயோனைஸ் வாங்கியவர்கள் கவனிக்கவும். அது பச்சை முட்டையில் அடித்தது, ஃபிரிட்ஜில் வைக்காமல் விட்டுவிட்டோம். மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். காய்ச்சலோ ரத்தபேதியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், செலவு எங்களுடையது."

இதில் முக்கியமானது அந்த நேரக் குறிப்பு. சால்மோனெல்லா கிருமி பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 3 நாளுக்குள் வேலையைக் காட்டும். பதிவைப் படிக்கும்போது நன்றாக இருப்பவர் மறுநாள் படுத்துவிடலாம். முட்டை பற்றிய வரி கடைக்காரருக்குச் சங்கடம்தான். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது.

"சோதனையில் குறை ஏதும் இல்லை" என்று அவசரப்பட்டு எழுதும் கடைகளை நம்ப வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரிக்கு அறிக்கை தர ஆய்வகத்துக்குச் சட்டம் 14 நாள் தருகிறது. அதோடு, புகாருக்குப் பிறகு எடுக்கும் மாதிரி பெரும்பாலும் புதிதாக அடித்த மயோனைஸாகவே இருக்கும்.