பிறப்புச் சான்றிதழின் புகைப்படமும் குடிவரவுத் துறை கேட்கும் மொழிபெயர்ப்பும்

அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் கொடுக்கும் ஆவணத்தில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருந்தால், அதோடு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தர வேண்டும். மொழிபெயர்த்தவர் அதில் இரண்டு செய்திகளை எழுதி உறுதி கூற வேண்டும். மொழிபெயர்ப்பு முழுமையானது, பிழையற்றது என்பது ஒன்று. அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தமக்குத் தகுதி உண்டு என்பது மற்றொன்று. அந்நாட்டுக் கூட்டரசு விதித் தொகுப்பின் 8-ஆம் தலைப்பில், 103.2(b)(3) என்ற எண்ணில், இந்த விதி ஒரே வாக்கியமாக இருக்கிறது. ‘சான்றளித்த மொழிபெயர்ப்பு’ என்று பேச்சில் பெரிதாக ஒலிப்பது இவ்வளவுதான். நோட்டரியின் முத்திரையோ அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

விதி சிறியது, சிக்கலெல்லாம் சான்றிதழுக்குள் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகள் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருக்கும் தாயைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள ஐ-130 என்ற மனுவைப் போடுகிறார். இருவரும் தாயும் மகளும்தான் என்பதற்குச் சான்று, தாயின் பெயர் உள்ள மகளின் பிறப்புச் சான்றிதழ். அது 1984-இல் பதிவானது. அச்சிட்ட தமிழ்ப் படிவத்தில் பேனாவால் நிரப்பப்பட்டது. மூலம் ஊரில் பெட்டியில் இருக்கிறது. அண்ணன் அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார்.

படம் போதுமா என்ற கேள்விக்கு விடை எளிது. மூலத்தையே அனுப்பச் சொல்லிப் படிவத்தின் குறிப்பு கேட்டாலன்றி, தெளிவாகப் படிக்க முடிகிற சாதாரண நகலை அந்தத் துறை ஏற்கிறது. ஆனால் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் எழுத்துள்ள பகுதியை மட்டும் எடுத்துவிட்டு ஓரத்தை விட்டுவிடுகிறார்கள். பதிவு எண்ணும் திருத்தக் குறிப்பும் ஓரத்தில்தான் இருக்கும். நகல் வழங்கிய தேதி, சில நேரம் பின்புற முத்திரையில் இருக்கும். ஆகவே நான்கு மூலைகளும் தெரிய, முன்னும் பின்னும், நிழல் விழாமல் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, மங்கலான மை இன்னும் மங்கிப்போகும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

இப்போது கைபேசியை அந்தப் படத்தின் மேல் காட்டினாலே ஆங்கிலம் வந்துவிடுகிறது. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தந்தையின் பெயர் என்ற அச்சுத் தலைப்புகளை மொழிபெயர்ப்புச் செயலி பெரும்பாலும் சரியாகவே சொல்லும். கையெழுத்தில் அது தடுமாறும். எழுத்தின் மேல் ஊதா முத்திரை விழுந்திருந்தால் அனுமானத்தில் இறங்கும். பிழை பிழையாகத் தெரியாதபடி நல்ல ஆங்கிலத்தில் வருவதுதான் இதில் உள்ள ஆபத்து.

எடுத்துக்காட்டுச் சான்றிதழில் தாயின் பெயர் தங்கம், தந்தையின் பெயர் ஆறுமுகம் என்று வைத்துக்கொள்வோம். தங்கம் என்ற பெயரைச் செயலி உலோகமாக்கிவிடலாம். ஆறுமுகத்தை ஆறு முகங்களாக்கலாம். தாயின் பெயரைக் காட்டத்தான் இந்தச் சான்றிதழே தரப்படுகிறது. அந்த இடத்தில் தாயின் பெயருக்குப் பதில் உலோகத்தின் பெயர் இருந்தால், மொத்த ஆவணமும் பயனற்றதாகிவிடும். மலர், அன்பு, மணி, செல்வி, இளவரசி எல்லாவற்றுக்கும் இதே கதி வரலாம். பெயருக்கு முன்னால் ‘க/பெ’ என்று இருந்தால் பின்னால் வருவது கணவர் பெயர். ‘த/பெ’ என்று இருந்தால் தந்தை பெயர். தமிழ்நாட்டு அலுவலகத் தாள்களைப் பார்த்துப் பழகியவருக்கு இது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். கறைபட்ட தாளில் ஓர் எழுத்து மாறிப் படிக்கப்பட்டால் கணவர் தந்தையாகிவிடுவார்.

பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. தமிழில் ‘க’ ஒன்றுதான்; ஆங்கிலத்தில் அது ‘கே’யும் ஆகலாம், ‘ஜி’யும் ஆகலாம். ‘ப’வுக்கும் ‘த’வுக்கும் அப்படியே. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தமிழ் எழுத்து இடம் கொடுக்கும் அளவுக்குப் பின்பற்றுவது நல்லது. ஒரே ஆள் இரண்டு பெயரில் தோன்றமாட்டார். தமிழில் ‘முருகேசன்’ என்று இருக்க, கடவுச்சீட்டில் ‘முருகையன்’ என்று இருந்தால் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது எதுவுமில்லை. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். திருத்தம் பதிவாளர் அலுவலகத்தில் செய்ய வேண்டிய வேலை.

தேதி இன்னொரு கண்ணி. சான்றிதழில் பிறந்த தேதி 03-04-1984, பதிவு தேதி 09-04-1984 என்று இருக்கிறது. நம் வழக்கில் இவை ஏப்ரல் 3-உம் ஏப்ரல் 9-உம். மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்கர் இவற்றை மார்ச் 4, செப்டம்பர் 4 என்று படிப்பார். கடவுச்சீட்டில் உள்ள பிறந்த தேதியோடு இது ஒத்துப்போகாது என்பது மட்டுமல்ல. பிறந்த ஆறாம் நாளே பதிவான பிறப்பு, ஆறு மாதம் தள்ளிப் பதிவானதாகத் தோன்றும். பதிவு தாமதமானதா என்று அந்த அதிகாரிகள் கவனித்துப் பார்ப்பதுண்டு. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. செயலி எண்களைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். மொழிபெயர்ப்பில் அது பிழையும் ஆகாது. ஆனாலும் படிப்பவருக்கு அது தவறான நாளாகவே போய்ச் சேரும்.

அந்தக் காலச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருப்பது சாதாரணம். பெயர் வைக்கும் முன்பே பிறப்பு பதிவாகிவிடும். பிறகு யாரும் அலுவலகப் பக்கம் போயிருக்கமாட்டார்கள். மொழிபெயர்க்கும் உறவினருக்கு, பெயர்தான் தெரியுமே, எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதக் கூடாது. ‘வெறுமையாக உள்ளது’ என்று அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பதிவாளர் வழியாக அதற்கு இடம் தருகிறது. சேர்த்த பின் கிடைக்கும் புதிய சான்றிதழைத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

‘முழுமையான’ என்ற சொல்லின் பொருளும் இதுதான். வட்ட முத்திரையில் உள்ள எழுத்து, பதிவாளரின் கையொப்பம், அடித்தல் திருத்தல், அச்சக எண் எல்லாம் மொழிபெயர்ப்பில் அதனதன் இடத்தில் குறிக்கப்பட வேண்டும். படிக்க முடியாததைப் ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதலாம். ஊகித்து எழுதுவதைவிட அது நேர்மை. முக்கியமானதை மட்டும் எடுத்துச் சுருக்கித் தருவது ஏற்கப்படாது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து அச்சான புதிய சான்றிதழ்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று பலர் எண்ணுகிறார்கள். எல்லாப் பதிவும் இரு மொழியிலும் இருந்தால் சரி. தலைப்பு மட்டும் ஆங்கிலத்தில் இருந்து, நிரப்பியது தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும்.

தந்தையையும் அழைக்கும்போது பெற்றோரின் திருமணச் சான்றிதழும் தேவைப்படுகிறது. அதில் கவனிக்க வேண்டிய இடம், திருமணத்துக்கு முன் மணமக்களின் நிலை. மணமாகாதவர், துணையை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் என்ற மூன்றில் எது என்பதைப் பொறுத்து வேறு ஆவணங்களும் கேட்கப்படும். இங்கே ஒரு சொல் தவறினால், நடக்காத மணமுறிவுக்குத் தீர்ப்பு நகல் தேடி அலைய நேரும்.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதன் கீழோ தனித்தாளிலோ உறுதிமொழி எழுதப்படுகிறது. தாம் தமிழும் ஆங்கிலமும் நன்கு அறிந்தவர் என்பதையும், இணைத்துள்ள இன்ன சான்றிதழின் மொழிபெயர்ப்பு முழுமையாகவும் சரியாகவும் உள்ளது என்பதையும் மொழிபெயர்த்தவர் அதில் சொல்கிறார். பெயர், முகவரி, தேதி எழுதிக் கையொப்பமிடுகிறார். அவர் செயலியின் துணையைக் கொண்டு முதல் வரைவைத் தயாரித்தாரா என்று விதி கேட்பதில்லை. ஆனால் செயலி கையொப்பமிட முடியாது. தமிழ் படிக்கத் தெரியாதவர் அதன் ஆங்கிலத்தை நம்பிக் கையொப்பமிட்டால், தகுதி உண்டு என்று அவர் எழுதும் வரி பொய்யாகிவிடும். அமெரிக்காவில் வளர்ந்து தமிழைப் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மனுதாரரே தம் சான்றிதழை மொழிபெயர்க்கக் கூடாது என்று விதியில் வெளிப்படையாக இல்லை. இருந்தாலும் தம் வழக்குக்குத் தாமே சாட்சி சொல்வது போன்றது அது, தவிர்ப்பதே நல்லது. இரு மொழியும் தெரிந்த, இந்த மனுவில் பலன் இல்லாத ஒரு நண்பர் போதும். நோட்டரி முத்திரைக்குத் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. கையொப்பமிட்டவர் இவர்தான் என்று மட்டுமே நோட்டரி சொல்கிறார். மொழிபெயர்ப்பு சரியா என்று அவர் சொல்வதில்லை.

உறுதிமொழி விடுபட்டாலோ ஏதாவது பகுதி மொழிபெயர்க்கப்படாமல் இருந்தாலோ, கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வரலாம். பதில் தர அதிகபட்சம் 12 வாரம். அதற்கு மேல் அவகாசம் கிடையாது.

அமெரிக்காவுக்காகச் செய்த மொழிபெயர்ப்பை அப்படியே கனடாவுக்கு அனுப்ப முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அங்கே போகிறவர்கள் இதில் அடிக்கடி இடறுகிறார்கள். அங்கே சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர், அதாவது ஒன்டாரியோ மொழிபெயர்ப்பாளர் சங்கம் போன்ற மாகாண அமைப்பின் உறுப்பினர், செய்தால் அவர் முத்திரை போதும். மற்றவர் செய்தால், மொழிபெயர்ப்பு சரியானது என்று சத்தியம் செய்து பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், துணைவர் போன்ற உறவினர் செய்தது, அவர் தொழிலாலேயே மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும், செல்லாது. அப்படி வாக்குமூலத்தோடு தரும்போது சான்றிதழின் சான்றிட்ட நகலும் வேண்டும். கைபேசிப் படம் அந்த இடத்தை நிரப்பாது. ஊரில் பெட்டிக்குள் இருக்கும் மூலத்தை யாராவது எடுத்துக்கொண்டு நோட்டரியிடம் போகத்தான் வேண்டும்.