இஎஸ்பிபி பங்கை விற்கும்போது ஒரே லாபத்துக்கு ரெண்டு தடவை வரி கட்டுறீங்களா?

அமெரிக்க கம்பெனியோட இந்திய ஆபீஸ்ல வேலை பார்க்கறீங்களா? அப்போ மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சு, 15% தள்ளுபடியில கம்பெனி பங்கு வாங்கித் தர்ற இஎஸ்பிபி திட்டம் உங்களுக்கும் இருக்கலாம். அந்தப் பங்கை விற்கும்போதுதான் பலர் தேவையில்லாம அதிக வரி கட்டுறாங்க. எப்படின்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஆறு மாசத் திட்டம். தொடக்கத்துல பங்கு விலை 100 டாலர், முடிவுல 120 டாலர். பல திட்டங்கள்ல இந்த ரெண்டுல குறைஞ்ச விலைக்குத்தான் தள்ளுபடி தருவாங்க. அதனால நீங்க கொடுக்கறது 85 டாலர். 120 டாலர் பங்கு 85-க்கு கிடைக்குது, லாபம் 35 டாலர். 20 பங்குக்கு 700 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 63,000 ரூபாய்.

நீங்க ஒரு பங்குகூட விற்கலைன்னாலும், வருமான வரிச் சட்டப்படி இந்த 63,000 உங்க சம்பளம். பங்கு உங்க கைக்கு வந்ததுமே கம்பெனி இதை சம்பளத்தோட சேர்த்து டிடிஎஸ் பிடிச்சிடும். 30% வரம்புல இருந்தா, செஸ் சேர்த்து 19,656 ரூபாய்.

எட்டு மாசம் கழிச்சு 130 டாலருக்கு விற்கறீங்க. இங்கதான் சிக்கல். பல புரோக்கர் அறிக்கைகள்ல வாங்கின விலை 85-னு இருக்கும். அதை அப்படியே எடுத்தா பங்குக்கு 45 டாலர் லாபம், மொத்தம் 81,000 ரூபாய். ஆனா 35 டாலருக்கு ஏற்கெனவே வரி கட்டியாச்சே! சட்டப்படி உங்க வாங்கின விலை 85 இல்ல, 120. அதாவது, சம்பள வரி கணக்கிட கம்பெனி எடுத்துக்கிட்ட சந்தை மதிப்பு. உண்மையான மூலதன லாபம் பங்குக்கு 10 டாலர், மொத்தம் 18,000 ரூபாய்தான். தப்பான விலையைப் போட்டா அதே 19,656 ரூபாயை இன்னொரு தடவை கட்டுவீங்க.

விலை 110-க்கு இறங்கி வித்தா? கையில பணம் கூடின மாதிரி தெரிஞ்சாலும், வரிக் கணக்குல அது பங்குக்கு 10 டாலர் நஷ்டம். ரிட்டர்னை கெடு தேதிக்குள்ள தாக்கல் பண்ணா, அந்த நஷ்டத்தை எட்டு வருஷம் வரைக்கும் முன்னெடுத்துப் போகலாம்.

வெளிநாட்டுல பட்டியலான பங்குக்கு 24 மாசம்தான் எல்லை. அதுக்குள்ள வித்தா லாபத்துக்கு உங்க வருமான வரம்புப்படி வரி. தாண்டி வித்தா 12.5%, செஸ் தனி.

அதனால ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி ஃபார்ம் 16-ஓட வர்ற 12பிஏ படிவத்தைப் பாருங்க. இஎஸ்பிபி தொகை அதுல இருக்கான்னு சரிபாருங்க. பங்குக்கு என்ன சந்தை மதிப்பு எடுத்தாங்கன்னு பேரோல் டீம்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. பங்கை விற்கற வரைக்கும் அந்த மெயிலை பத்திரமா வெச்சிருங்க.