காலா அசார்: ஒரு நோயாளி, நான்கு கேள்விகள்

மருத்துவ மாணவர்களின் தேர்வுத்தாளில் லீஷ்மேனியாசிஸ் பெரும்பாலும் ஒரு நோயாளியின் கதையாகத்தான் வரும். மாதிரிக்கு ஒன்று: பீகாரின் முசாபர்பூர் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி, வயது 28, எடை 40 கிலோ. ஐந்து வாரமாகக் காய்ச்சல். மலேரியா பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. பசி குறையாமலே உடம்பு இளைத்திருக்கிறது. இரத்தசோகை இருக்கிறது. இடது விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது.

முதல் கேள்வி: இவருக்கு என்ன நோய், எப்படி உறுதி செய்வது?

நோய்ப்பகுதியில் வசிப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், வீங்கிய மண்ணீரல். இந்த இரண்டும் சேர்ந்தாலே உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ், அதாவது காலா அசாரைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்த படி ஆர்கே39 பட்டை. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் விட்டு, கரைசல் சேர்த்தால் சுமார் பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். இரண்டு கோடு தெரிந்தால் நோய் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தெரிந்தால் இல்லை. அந்தக் கட்டுப்பாட்டுக் கோடே தெரியாவிட்டால் பட்டை கெட்டுப்போனது, வேறு பட்டையில் மறுபடி பார்க்க வேண்டும்.

இங்கேதான் கேள்வி தயாரிப்பவர்கள் ஒரு வரியைச் சேர்ப்பார்கள்: ‘இவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்.’ இந்த ஒரு வரி விடையையே மாற்றிவிடும். பட்டை காட்டுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் தயாரித்த எதிர்ப்பொருளை. நோய் குணமான பிறகும் அது பல ஆண்டுகள் இரத்தத்தில் தங்கும். எனவே பழைய நோயாளியிடம் இரண்டு கோடு தெரிந்தாலும் அதை வைத்து நோய் திரும்பியதாகச் சொல்ல முடியாது. கிருமியையே கண்ணால் பார்க்க வேண்டும். மண்ணீரலிலோ எலும்பு மஜ்ஜையிலோ ஊசியால் திசு எடுத்து, ஜியம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் தேட வேண்டும். மேக்ரோபேஜ் செல்களுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் முட்டை வடிவ உருவங்கள் தெரியும். 1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் மண்ணீரல் திசுவில் கண்டது இவற்றைத்தான். அதே ஆண்டு லண்டனிலிருந்து வில்லியம் லீஷ்மனும் இவற்றைப் பற்றி எழுதினார். கிருமி ‘லீஷ்மேனியா டோனோவனி’ என்று இருவர் பெயரையும் தாங்கியது அப்படித்தான்.

மண்ணீரல் ஊசி கிருமியைக் காட்டுவதில் மஜ்ஜையை விடச் சிறந்தது. ஆனால் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு. தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ இரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ மஜ்ஜையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதை எழுதாத விடை முழுமையாகாது.

இரண்டாவது கேள்வி: என்ன மருந்து, எவ்வளவு?

முதல்முறை நோய்வாய்ப்பட்டவருக்கு லிபோசோமல் ஆம்போடெரிசின் பி, கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே தவணை. 40 கிலோ எடைக்கு 400 மில்லிகிராம். 50 மில்லிகிராம் குப்பியென்றால் எட்டு. ஒவ்வொன்றிலும் 12 மில்லி ஊசிநீர் விட்டு நன்றாகக் குலுக்கி, பிறகு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, சுமார் இரண்டு மணி நேரம் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். உப்புக் கரைசலில் கலந்தால் மருந்து திரிந்து வீணாகும். முன்பு ஆன்டிமனி ஊசிகளே முதல் மருந்து. பீகாரில் கிருமி அவற்றுக்குப் பழகிவிட்டதால் கைவிடப்பட்டன. மில்டெஃபோசின் வாயால் விழுங்கும் மருந்து, ஆனால் கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. குணமானதை உறுதியாகச் சொல்ல ஆறு மாதம் கண்காணிக்க வேண்டும்.

மூன்றாவது: பரப்புவது எது?

ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற மணல் ஈ. நீளம் 2, 3 மில்லிமீட்டர்தான். கொசுவைப் போல ரீங்காரமிடாது. தண்ணீரில் முட்டையிடுவதும் இல்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்து ஈரமண்ணும் மண்சுவர் விரிசலும் போதும். அதனால் தேங்கிய நீரை அகற்றுவது இதற்குத் தீர்வாகாது. உயரப் பறக்க முடியாமல் தத்தித் தத்திச் செல்லும் பூச்சி என்பதால் வீட்டுச் சுவரிலும் கொட்டகைச் சுவரிலும் ஆறடி உயரம் வரை மருந்து தெளிக்கிறார்கள். இந்தியாவில் இதற்கு விலங்குக் கிடங்கு இல்லை. ஈ கிருமியை எடுப்பது மனிதரிடமிருந்தே.

நான்காவது, பலர் தவறவிடும் கேள்வி: இந்தக் கிருமி எப்போதும் உள்ளுறுப்பைத்தான் தாக்குமா?

இல்லை. இலங்கையில் அதே லீஷ்மேனியா டோனோவனி தோலில் புண்ணாகவே பெரும்பாலும் வருகிறது. இந்தியாவிலோ, காலா அசார் குணமாகி மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிலருக்குத் தோலில் வெளிறிய தேமல்களும் முடிச்சுகளும் தோன்றும். பார்வைக்குத் தொழுநோய் போலிருக்கும். ஆனால் தேமலில் உணர்ச்சி மரத்துப்போகாது. முந்தைய காலா அசார் பற்றி விசாரிப்பதும் தோல் திசுவில் கிருமியைத் தேடுவதும் இரண்டையும் பிரித்துக்காட்டும். காய்ச்சலோ வலியோ இல்லாததால் இவர்கள் மருத்துவமனைக்கு வருவதே அரிது. ஆனால் இவர்களைக் கடிக்கும் மணல் ஈக்கும் கிருமி தொற்றும். அதனால் காலா அசார் ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகும்போது காய்ச்சலைக் கேட்பதோடு தேமலையும் தேடுகிறார்கள்.