பாட்டுக்கு முன்வரும் வசனம்

பாடல் தொடங்குவதற்கு முன் இசைக்கருவிகளின் மெல்லிய ஒலியோடோ, அதுவும் இல்லாமலோ பேசப்படும் சில வரிகளே முன்வசனம். இது தொகையறாவிலிருந்து வேறானது. தொகையறா தாளக்கட்டு இல்லாமல் பாடப்படுவது, முன்வசனம் பேசப்படுவது. தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த இளையராஜா இசையமைத்த 'குணா' (1991) படத்தின் 'கண்மணி அன்போடு' பாடல் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. நாயகன் பேச்சாகச் சொல்லும் கடிதம் அங்கே பாட்டாக மாறுகிறது.

முன்வசனத்தை எழுதும் முன் பல்லவியின் நடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் முதல்போக நடவுக்கு இப்படி ஒரு பல்லவி இருப்பதாகக் கொள்வோம்:

தண்ணி வந்தது தண்ணி வந்தது
தாயி எழுந்து வா
பொண்ணு கையில பச்ச நாத்துடி
பாத்து எறங்கி வா

இதன் நடை மூன்றும் நான்குமாக ஏழு மாத்திரை: தகிட, தகதிமி. இதற்கு முன், "முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டதால் மக்கள் நடவு நட்டார்கள்" என்று எழுதினால் இரண்டு பிழைகள் நேரும். பல்லவி சொல்லவேண்டிய செய்தி முன்னதாகவே செலவாகிவிடும். மேலும், 'நட்டார்கள்' என்று வினைமுற்றில் முடிவதால் கேட்பவர் காதில் கதை முடிந்துபோகும். பாட்டு புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கும்.

திருத்திய வடிவம்:

"மலைக்கு அந்தப் பக்கம் பெஞ்ச மழை. சொரங்கத்துக்குள்ள நொழஞ்சு, லோயர்கேம்ப்புல வெளிச்சத்தைப் பாத்து, கூடலூர் தாண்டி, கம்பம் தாண்டி... சேறு கொழையுது. காத்து குளுருது. யாரு நடுறது?"

முதல் பகுதி வெறும் பேச்சு. வாக்கியங்கள் நீண்டும் குறுகியும் வருகின்றன. 'தாண்டி, தாண்டி' என்ற வினையெச்சங்கள் முடிவைத் தள்ளிப்போடுகின்றன. 'தண்ணி' என்ற சொல் எங்கும் இல்லை. அது பல்லவிக்காகக் காத்திருக்கிறது. கடைசி மூன்று துண்டுகளில் மட்டும் நடை மாறுகிறது. 'சேறு' மூன்று மாத்திரை, 'கொழையுது' நான்கு. மற்ற இரண்டும் அப்படியே. பேசுபவர் அறியாமலே தாளத்துக்குள் வந்துவிடுகிறார். தவில்காரர் 'சேறு' என்ற இடத்தில் மெதுவாகத் தொட்டால் போதும். கடைசிக் கேள்விக்குப் பல்லவியே விடை.

இந்த ஏழு மாத்திரையை முதல் வரியிலிருந்தே வைக்க ஆசை வரும். வைத்தால் அது பாடப்படாத பாட்டாகிவிடும். பேச்சு பாட்டாக மாறும் அந்தக் கணம் கிடைக்காது. சரிபார்க்க எளிய வழி உண்டு: தொடையில் தாளம் தட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். முதல் பாதியில் கை தடுமாற வேண்டும், 'சேறு' வந்ததும் தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் தடுமாறினால் அந்தத் துண்டில் ஓரெழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். உதாரணமாக, 'காத்து' என்பதைக் 'காற்றும்' என்று திருத்தினாலே ஒரு மாத்திரை கூடிவிடும்.