கிளட்ச் மட்டும் போதும்

வீட்டில் சும்மா நிற்கும் காரில் தங்கைக்கோ தோழிக்கோ ஓட்டக் கற்றுத்தர நினைத்தால், முதலில் ஹேண்ட்பிரேக்கைப் பாருங்கள். பயிற்சிப் பள்ளிக் கார்போல உங்கள் பக்கம் தனி பிரேக் கிடையாது. கற்பவருக்கு எல்எல்ஆர் இருந்தாலும், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உரிமம் பெற்றவர் உட்கார வேண்டும் என்கிறது சட்டம். இரண்டு இருக்கைக்கும் நடுவே கையால் இழுக்கும் லீவர் இருந்தால் நல்லது. பட்டன் வகை இதற்குத் தோதில்லை.

முதல் நாள் காலி மைதானம், சமதரை. ஆக்சிலரேட்டர் வேண்டாம். முதல் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொல்லுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், வண்டி லேசாக அதிரும். காலை அங்கேயே நிறுத்தினால் கார் தானாக ஊரும். பயந்தவர்கள் அந்த நொடியில் காலைச் சட்டென்று எடுத்துவிடுவார்கள். வண்டி குலுங்கி நிற்கும். திட்டாதீர்கள். குதிகாலைத் தரையில் ஊன்றச் சொன்னால் பாதி சரியாகிவிடும்.