தேர்வு மண்டபத்துக்குள் நுழையக்கூடிய கால்குலேட்டர் எது?

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற அரங்கம் முடிந்து வெளியே வந்தபோது காஹாங்கிலிருந்து வந்திருந்த ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார்: "ஐயா, மகள் படிவம் நான்குக்குப் போகிறாள். அறிவியல் கால்குலேட்டர் வாங்க குளுவாங் வரை போக வேண்டும். கடையில் பத்து வகை வைத்திருக்கிறார்கள். விலை கூடியதை எடுத்தால் நல்லதா? வாங்கியபின் தேர்வில் விடமாட்டேன் என்றால் என்ன செய்வது?"

அந்தக் கேள்விக்கு அன்று நின்றபடியே பதில் சொல்ல நேரமில்லை. அதைத்தான் இன்று விளக்கப் போகிறேன். ஒருமுறை வாங்கும் கால்குலேட்டர் எஸ்.பி.எம். தேர்வைத் தாண்டி, எஸ்.டி.பி.எம்., பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் வரை வர வேண்டும். ஆகவே கொஞ்சம் யோசித்து வாங்குவதே சிக்கனம்.

முதலில் விதி, பிறகு விலை

நம் நாட்டில் பல ஆண்டுகளாக எஸ்.பி.எம். கணிதத் தாள்களின் முகப்பில் ஒரு வாசகம் இருந்து வந்திருக்கிறது. நிரலிட முடியாத அறிவியல் கால்குலேட்டரைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். எஸ்.டி.பி.எம். கணிதத்திலும் நிரலிடக்கூடியதற்கும் வரைபடம் காட்டுவதற்கும் தடை உண்டு. இந்த இரண்டு சொற்களைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நிரலிடுவது என்றால் என்ன? ஒரு சூத்திரத்தையோ பல படிகளையோ முன்கூட்டியே எழுதி இயந்திரத்துக்குள் சேமித்து வைப்பது. தேர்வு மண்டபத்தில் ஒரு பொத்தானைத் தட்டினால் அது எண்களைக் கேட்டு விடையைச் சொல்லிவிடும். மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரம் பையில் வந்துவிடுகிறது. அதனால்தான் தடை. வரைபடக் கால்குலேட்டரை அதன் பெரிய திரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நிரலிடும் கால்குலேட்டரோ பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். ஏமாறும் இடம் அதுதான்.

காசியோ நிறுவனத்தின் fx-3650P என்ற மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அளவிலும் திரையிலும் அது fx-570MS மாதிரியைப் போலவே தோன்றும். ஆனால் அது நிரலிடக்கூடியது. விசைகளுக்கு மேலே உள்ள சிறிய எழுத்துகளில் Prog அல்லது PRGM என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தேர்வுக்கு வாங்காதீர்கள். "உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டேன்" என்று சொல்லியும் பயனில்லை. அழித்தாலும் நிரலிடும் ஆற்றல் அதில் இருக்கத்தானே செய்கிறது?

இன்னொரு குழப்பமும் உண்டு. fx-570ES PLUS என்ற பெயரில் வரும் PLUS என்ற சொல்லைப் பார்த்து, இது நிரலிடும் வகையோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது மேம்பட்ட பதிப்பு என்பதற்கான அடையாளம் மட்டுமே. நிரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிள்ளை பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் தேர்வு எழுதுவதாக இருந்தால் விதி வேறு. அங்கே தேர்வு வாரியம் அனுமதிக்கப்பட்ட மாதிரிகளின் பெயர்களையே பட்டியலாக வெளியிடுகிறது. fx-97SG X போல SG என்ற எழுத்துடன் அங்குள்ள தேர்வுக்கென்றே மாதிரிகள் வருகின்றன. இங்கே நல்லது என்பதற்காக அங்கே அனுமதி கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்தத் தேர்வானாலும் அந்த ஆண்டின் அறிவுறுத்தலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எந்த மாதிரி?

மலிவு வரிசையில் fx-350MS இருக்கிறது. சைன், கொசைன், மடக்கை, புள்ளியியல் எல்லாம் அதில் உண்டு. படிவம் ஐந்து வரை அதை வைத்தே படித்துவிடலாம். ஆனால் கலப்பெண், அணி, சமன்பாடு தீர்த்தல் ஆகியவை அதில் இல்லை. பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் எடுத்தால் முதல் ஆண்டிலேயே கலப்பெண் வரும். அப்போது இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.

அதனால் நான் சொல்வது 570 வரிசை. இதில் இரண்டு வகை முக்கியம். fx-570MS எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதும். பின்னமும் வர்க்கமூலமும் புத்தகத்தில் உள்ளது போல் தெரியாது. fx-570ES PLUS பின்னத்தை மேலும் கீழுமாக, புத்தகத்தில் உள்ளபடியே காட்டும். தட்டியதில் பிழை இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். முதல்முறை வாங்குபவருக்கு நான் ES PLUS வகையையே சொல்வேன்.

991 என்ற எண்ணுடன் வருபவை பற்றியும் கேட்பீர்கள். fx-570MS, fx-991MS இரண்டின் கணக்கிடும் ஆற்றலும் ஒன்றே. 991 வெளிச்சத்திலும் இயங்கும், பொத்தான் பேட்டரியிலும் இயங்கும். 570 பேட்டரியை மட்டும் நம்பியிருக்கும். எதை வாங்கினாலும் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே பேட்டரியை மாற்றிவிடுங்கள். திரையில் எழுத்து மங்கினால் அது கடைசி எச்சரிக்கை.

புதிதாக வந்துள்ள fx-570CW மாதிரியில் விசைகளின் அமைப்பே மாறிவிட்டது. ஆசிரியரும் நண்பர்களும் பழைய வகையை வைத்திருந்தால், வகுப்பில் சொல்லும் விசைகள் பிள்ளையின் கையில் இருக்காது. வகுப்பில் பெரும்பாலோர் வைத்திருப்பதையே வாங்குவது புத்திசாலித்தனம்.

கடையிலேயே செய்யும் சோதனை

பெயரைப் போலியாக அச்சிட்ட கால்குலேட்டர்களும் சந்தையில் உண்டு. கடைக்காரர் முன்னிலையிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். π விசையை அழுத்தி, அதிலிருந்து 3.141592654 என்பதைக் கழியுங்கள். திரையில் தெரிவது பத்து இலக்கம்தான். ஆனால் நல்ல இயந்திரம் உள்ளே அதைவிடக் கூடுதலான இலக்கங்களை வைத்துக்கொண்டு கணக்கிடும். ஆகவே விடை பூச்சியமாக வராது. −4.102 என்று தொடங்கி, பத்தின் அடுக்கு −10 என்று மிகச் சிறிய எண்ணாக வரும். பூச்சியம் வந்தால் அந்த இயந்திரம் திரையில் காட்டும் இலக்கங்களை மட்டுமே நம்பி இயங்குகிறது. காசியோ என்று எழுதியிருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையில் தேறிவிட்டால் மட்டும் அசல் என்று உறுதியாகிவிடாது. உத்தரவாத அட்டை தரும் கடையில் வாங்குவதுதான் பாதுகாப்பு.

நல்ல கால்குலேட்டரும் தவறான விடை தரும்

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கூடுதல் கணிதத்தில் ஆரையன் என்ற கோண அளவு வருகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். வட்டத்தின் ஆரம் 7 செ.மீ., மையக் கோணம் 1.2 ஆரையன். நாணுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட வட்டத்துண்டின் பரப்பு என்ன? ஆரத்தின் வர்க்கத்தில் பாதி 24.5. அதை, 1.2 இலிருந்து சைன் 1.2 ஐக் கழித்து வருவதால் பெருக்க வேண்டும்.

கால்குலேட்டர் ஆரையனில் இருந்தால் சைன் 1.2 என்பது 0.9320. விடை 6.565 சதுர செ.மீ. அதே இயந்திரம் பாகையில் இருந்தால் சைன் 1.2 என்பது 0.0209 ஆகிவிடும். விடை 28.89 என்று வரும். சூத்திரம் சரி, தட்டியதும் சரி. ஆனாலும் விடை தவறு.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வட்டக்கோணப்பகுதி முழுவதின் பரப்பு 24.5 ஐ 1.2 ஆல் பெருக்கினால் வரும் 29.4. அதிலிருந்து முக்கோணத்தை எடுத்துவிட்டால்தான் வட்டத்துண்டு கிடைக்கும். 29.4 இல் 28.89 ஐ வட்டத்துண்டே பிடித்துக்கொண்டால் முக்கோணத்துக்கு என்ன மிஞ்சும்? படத்தைப் பார்த்தாலே பொருந்தவில்லை என்று தெரிந்துவிடும்.

இன்னும் எளிய வழி உண்டு. தாளைத் திறக்கும் முன் சைன் 30 என்று தட்டிப் பாருங்கள். 0.5 வந்தால் பாகை. −0.988 வந்தால் ஆரையன். 0.454 வந்தால் கிரேடு என்ற மூன்றாவது அளவு. அது நமக்கு வேண்டாம். மாற்றுவதற்கு fx-570MS இல் MODE விசையை நான்கு முறை அழுத்தி, பாகைக்கு 1, ஆரையனுக்கு 2. fx-570ES PLUS இல் SHIFT, MODE அழுத்தி, பாகைக்கு 3, ஆரையனுக்கு 4. திரையின் மேலே D அல்லது R என்ற எழுத்து நிற்கும். அந்த எழுத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும்.

சமன்பாடு தீர்க்கும் வசதி

இருபடிச் சமன்பாட்டை 570 வரிசை தானே தீர்த்துவிடும். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வசதி இது. இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

x² − 2x + 5 = 0 என்ற சமன்பாட்டை fx-570MS இல் இட்டுப் பாருங்கள். விடையாக 1 என்று காட்டும். மாணவர் "x = 1" என்று எழுதிவிடுவார். ஆனால் x க்கு 1 ஐப் போட்டால் 1 − 2 + 5, அதாவது 4. பூச்சியம் வரவில்லையே? காரணம், இதன் தீர்வுகள் கலப்பெண்கள். இயந்திரம் முதலில் மெய்ப்பகுதியை மட்டும் காட்டுகிறது. திரையின் ஓரத்தில் R⇔I என்ற சிறிய அடையாளம் மட்டுமே "இன்னொரு பகுதி மறைந்திருக்கிறது" என்று சொல்லும். ES PLUS வகையில் 1+2i என்று முழுமையாகவே தெரியும். நான் அந்த வகையைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதுமட்டுமல்ல, கூடுதல் கணிதத்தில் செய்முறைக்கு மதிப்பெண் உண்டு. விடையை மட்டும் எழுதினால் அந்த மதிப்பெண் போய்விடும். ஆகவே சூத்திரத்தில் எண்களைப் பொருத்திக் காட்டிவிட்டு, கடைசியில் சரிபார்க்க மட்டும் அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். 2x² − 5x − 1 = 0 என்றால், 5 ± √33 ஐ 4 ஆல் வகுப்பது வரை கையால் எழுதுங்கள். பிறகு 2.686, −0.186 என்று இயந்திரமும் ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

காஹாங் தந்தையாருக்கு என் பதில் இதுதான். ஐயா, விலை கூடியதைத் தேட வேண்டாம். Prog என்ற எழுத்து இல்லாத 570ES PLUS அல்லது 991ES PLUS ஒன்றை உத்தரவாதத்துடன் வாங்குங்கள். π சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். வாங்கிய அன்றே மகளிடம் கொடுத்துவிடுங்கள். தேர்வுக்கு முதல் நாள் வாங்கிய புதிய கால்குலேட்டரைவிட, இரண்டு ஆண்டு கையில் பழகியதுதான் அவளுக்குக் கைகொடுக்கும்.